திறமை பொருந்திய பிறகு: இடம், நோட்டீஸ், சம்பளம் மூன்றையும் எப்படி எடைபோடுவது

ஆள் எடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் முதல் சில வாரங்களில் ரெசுமே படிப்பதிலேயே மூழ்கிவிடுகிறார்கள். எந்த மென்பொருள் தெரியும், எத்தனை ஆண்டு அனுபவம், எந்தத் தொழிற்சாலையில் இருந்தார் என்று பார்த்து நல்ல ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அவரோ ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு வேண்டாம் என்கிறார், அல்லது சேர்ந்து மூன்றாம் மாதமே கிளம்பிவிடுகிறார். காரணத்தைக் கேட்டால் வேலை கடினம் என்று யாரும் சொல்வதில்லை. தூரம், பழைய கம்பெனி விடவில்லை, கையில் வருவது குறைந்துவிட்டது, இந்த மூன்றில் ஒன்றுதான் வரும்.

பினாங்கில் இது இன்னும் அதிகம். தீவும் பெருநிலமுமாக மாநிலம் பிரிந்து கிடக்கிறது. வேலை பாயான் லெப்பாஸ், பிறை, பத்து காவான் பக்கம் இருக்கிறது. ஆட்கள் ஆயர் ஈத்தாமிலிருந்தும் வருகிறார்கள், கெடாவிலிருந்தும் வருகிறார்கள். அதனால் ஒரே ஒரு பதவியை எடுத்துக்கொண்டு, மூன்று பேரை வைத்துக் கடைசி வரை கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

பதவி இதுதான்: பத்து காவானில் ஒரு தொழிற்சாலைக்கு புரொடக்‌ஷன் பிளானர் வேண்டும். அலுவலக நேர வேலை. இப்போது இருப்பவருக்கு செப்டம்பர் 30 கடைசி நாள். அடிப்படைச் சம்பளம் 3,800 முதல் 4,300 ரிங்கிட் வரை. நீங்கள் ஆகஸ்ட் முதல் வாரத்தில் தேட ஆரம்பிக்கிறீர்கள்.

முதலில் மேனேஜரிடம் கேளுங்கள்

யாருக்கும் போன் போடுவதற்கு முன்னால், ஆள் கேட்ட மேனேஜரிடம் உட்கார்ந்து பேசுங்கள். "உடனே வேண்டும்" என்றுதான் எல்லா மேனேஜரும் சொல்வார்கள். அதை அப்படியே எழுதிக்கொண்டு வராதீர்கள். புதியவர் அக்டோபர் கடைசியில் வந்தால் என்ன ஆகும், அதுவரை அந்த வேலையை யார் பார்ப்பார் என்று கேளுங்கள். பக்கத்து மேசையில் இருப்பவர் ஒரு மாதம் சமாளிப்பார் என்று பதில் வந்தால் தேதி இளகும். பழையவர் போவதற்குள் ஒப்படைத்தே ஆக வேண்டும், வேறு யாருக்கும் அந்த அட்டவணை தெரியாது என்றால் தேதி இளகாது. சம்பளத்தின் உச்சவரம்பையும் இதே மாதிரி தோண்டுங்கள். 4,300 என்பது கையெழுத்தான பட்ஜெட்டா, இல்லை அந்தப் பிரிவில் ஏற்கெனவே இருப்பவர்களின் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்பதால் வந்த எண்ணா? இரண்டாவது என்றால் அதை அசைப்பது மிகக் கடினம். புதியவருக்குக் கூட்டிக் கொடுத்தால், ஐந்து ஆண்டு இருப்பவர் மறுநாளே வந்து நிற்பார்.

கம்பெனி பஸ் எங்கெங்கே போகிறது என்றும் கேட்டு வையுங்கள். பெரிய தொழிற்சாலைகளின் பஸ்கள் கூலிம், சுங்கை பட்டாணி வரைக்கும்கூடப் போகும். ஆனால் பெரும்பாலும் அவை ஷிஃப்ட் நேரத்துக்கு ஓடுபவை. காலை 7 மணி ஷிஃப்டுக்கு வரும் பஸ், 8.30 மணி அலுவலக ஊழியரை ஒன்றரை மணி நேரம் முன்னதாகக் கொண்டுவந்து விடும். மாலையில் அவர் கிளம்பும் நேரத்துக்கு பஸ்ஸே இருக்காது. "பஸ் இருக்கிறது" என்று போனில் சொல்லிவிட்டுப் பிறகு இது தெரிந்தால், முதல் வாரத்திலேயே நம்பிக்கை போய்விடும்.

இடம்: கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், காலை நேரத்தைப் பாருங்கள்

நம் மூன்று பேரில் ஒருவர் ஆயர் ஈத்தாமில் குடியிருக்கிறார், பாயான் லெப்பாஸில் வேலை. இன்னொருவர் சுங்கை பட்டாணிப் பெண், கூலிமில் வேலை, கம்பெனி பஸ்ஸில் போகிறார். மூன்றாமவரின் வீடு நிபோங் தெபால். இப்போது கோலாலம்பூரில் அறை எடுத்துத் தங்கி வேலை செய்கிறார், ஊருக்குத் திரும்ப வேண்டும் என்கிறார்.

புதியவர்கள் செய்யும் தவறு, தீவில் இருப்பவரை உடனே தள்ளிவிடுவது. 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலம், அதைத் தாண்டி தினமும் யார் வருவார் என்று நினைக்கிறார்கள். ஆனால் காலையில் கூட்டம் பெருநிலத்திலிருந்து தீவுக்குள் போகிறது, மாலையில் திரும்பி வருகிறது. ஆயர் ஈத்தாம்காரர் இரண்டு வேளையும் எதிர்த்திசையில் போவார். பாலத்தில் அவருக்குச் சிரமமில்லை. அவர் நேரத்தைத் தின்பது தீவுக்குள் இருக்கும் பகுதி. பாயா தெருபோங், பாயான் பாரு வழியாக பத்து மாவோங் போவதற்குள், பாயான் லெப்பாஸ் போகும் கூட்டத்தோடு அவரும் நிற்க வேண்டும். அந்தப் பாதையில் பெரும்பகுதியை இப்போதே தினமும் ஓட்டுகிறார் என்பதால் அவருக்கு அது பழக்கம். கூடுதலாக வருவது பாலமும் டோலும்தான். டோல் தீவுக்குள் வரும் திசையில் மட்டும் என்பதால், அவர் அதை மாலையில் வீடு திரும்பும்போது கட்டுவார். மோட்டார் சைக்கிள் என்றால் 2019 முதல் இரண்டு பாலத்திலும் டோல் இல்லை.

சுங்கை பட்டாணியிலிருந்து பார்த்தால் பாலமே இல்லை, நேரே நெடுஞ்சாலை. வரைபடத்தில் சுலபமாகத் தெரியும். ஆனால் ஒரு வழிக்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அதோடு பிறை, ஜூரு பகுதியை வேலை நேரத்தில் தாண்ட வேண்டும். அங்கே வண்டி ஊரும். போக வர 110 கிலோமீட்டர் என்று வைத்தால், மாதம் 22 நாளுக்கு 2,420 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் கார், லிட்டர் 2 ரிங்கிட் என்றால் பெட்ரோலுக்கு மட்டும் 340 ரிங்கிட் ஆகும், டோல் தனி. இன்று கம்பெனி பஸ்ஸில் போகும் அவருக்கு இது முழுக்கப் புதுச் செலவு.

இதைப் போனில் எப்படிக் கேட்பது? "பத்து காவான் உங்களுக்கு ஓகேவா?" என்று கேட்டால் எல்லோரும் ஓகே என்பார்கள். வேலை வேண்டும் என்று நினைப்பவர் வேறு என்ன சொல்வார்? இப்படிக் கேளுங்கள்:

"இப்ப வேலைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க?"

"ஆறே காலுக்கு பஸ் வரும் அக்கா. வீட்டு முன்னாலேயே."

"சாயங்காலம் வீட்டுக்கு வர எத்தனை மணி ஆகும்?"

"ஆறு, ஆறரை."

"பத்து காவான்னா கார்ல வரணும். அந்த ரோட்ல காலையில வந்து பார்த்திருக்கீங்களா?"

"இல்ல அக்கா. ஞாயித்துக்கிழமைதான் அந்தப் பக்கம் போயிருக்கேன்."

இந்தக் கடைசி பதில் போதும். ஆனால் அதை வைத்து அவரை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது. நேர்முகப் பேட்டியைக் காலை 8.30 மணிக்கு வையுங்கள். அவர் வேலை நாளில் அந்தச் சாலையில் வந்து பார்ப்பார். வந்து சேர்ந்த பிறகும் ஆர்வம் குறையாமல் இருந்தால் அது நம்பக்கூடிய ஆர்வம். யாருக்கும் 11 மணிக்குப் பேட்டி வைத்துவிட்டுத் தூரம் பிரச்சினை இல்லை என்று எழுதி வைக்காதீர்கள்.

கோலாலம்பூரில் ஆள் எடுப்பவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும், ஆனால் அங்கே சாலைக்குப் பதில் ரயில் நிலையத்தை வைத்து. கிள்ளானில் இருப்பவருக்கு கேஎல் சென்ட்ரல் பக்கத்து அலுவலகம் கொம்யூட்டரில் ஒரே ஏற்றம். சைபர்ஜெயா அப்படி இல்லை.

முகவரியை மட்டும் வைத்து ஆளைக் கழிக்காதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். வீடு மாறப் போகிறவர் இருப்பார், அந்தப் பக்கம் அக்கா வீடு இருப்பவர் இருப்பார். கேட்டால்தான் தெரியும். கேட்பது பயணத்தைப் பற்றி இருக்கட்டும். கல்யாணம், குழந்தை பற்றிய கேள்விகள் இதற்குத் தேவையே இல்லை.

நோட்டீஸ்: எண்ண ஆரம்பிக்கும் நாள் எது

"ஒரு மாத நோட்டீஸ்" என்று அவர் சொன்னதும் இன்றிலிருந்து ஒரு மாதம் எண்ணாதீர்கள். ஆஃபர் லெட்டர் கையில் இல்லாமல் விவேகமுள்ள யாரும் ராஜினாமா கொடுக்க மாட்டார். நம் பதவியில் ஆகஸ்ட் 4 போன் பேச்சு, 11 முதல் பேட்டி, 18 இரண்டாம் பேட்டி, 22 ஆஃபர் லெட்டர் என்று எல்லாம் தடையில்லாமல் நடந்தாலும், ராஜினாமா 25ஆம் தேதிதான். நோட்டீஸ் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்த நாளும் கணக்கில் சேரும் என்பதால், ஒரு மாதம் செப்டம்பர் 24இல் முடிகிறது. புதிய வேலையில் 25இல் சேரலாம்.

நோட்டீஸ் எவ்வளவு என்பதற்கு அவருடைய ஒப்பந்தம்தான் ஆதாரம். ஒப்பந்தத்தில் எழுதியிராவிட்டால் சட்டம் சொல்லும் கணக்கு வரும். இரண்டு ஆண்டுக்குக் குறைந்த பணிக்கு 4 வாரம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 6 வாரம், ஐந்தும் அதற்கு மேலும் 8 வாரம். பலருக்குத் தங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்றே நினைவிருக்காது. சோதனைக் காலத்தில் இரண்டு வாரம் என்று படித்தது மனதில் தங்கியிருக்கும். வேலை உறுதியானபோது வந்த கடிதத்தில் அது இரண்டு மாதமாக மாறியிருக்கும். "கடிதத்தைத் திறந்து பார்த்துச் சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன்" என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஆயர் ஈத்தாம்காரருக்கு அப்படித்தான், பார்த்தால் இரண்டு மாதம். ஆகஸ்ட் 25இல் கொடுத்தால் அக்டோபர் 24 வரை. அடுத்து இன்னொரு கேள்வி கேட்க வேண்டும், இதைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள்: போனஸ் எப்போது? பல தொழிற்சாலைகளில் ஆண்டுக் கடைசியிலோ சீனப் புத்தாண்டுக்கு முன்போ போனஸ் வரும். அந்தத் தேதியில் நோட்டீஸில் இருப்பவருக்கு இல்லை என்ற நிபந்தனையும் பொதுவாக இருக்கும். இவருக்கு டிசம்பரில் ஒரு மாதச் சம்பளம் போனஸ். ஆகவே காகிதத்தில் அக்டோபர், மனதில் ஜனவரி. இதை அவரே சொல்லிவிட்டால் நல்லது. கேட்காமல் விட்டால் ஆஃபர் லெட்டரை வாங்கி வைத்துக்கொண்டு, தேதியைத் தள்ளித் தள்ளிப் பேசுவார்.

நோட்டீஸைக் குறைக்க மூன்று வழி உண்டு. மீதி நாளுக்கான சம்பளத்தைக் கட்டிவிட்டு வெளியேறலாம், சட்டம் இதை இரு தரப்புக்கும் அனுமதிக்கிறது. அந்தப் பணத்தை யார் கட்டுவது என்பதுதான் பேச்சு. புதிய கம்பெனி திருப்பித் தருவதாக இருந்தால் அது ஆஃபர் லெட்டரில் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது, பழைய கம்பெனியே சம்மதித்து முன்னதாக விடுவிப்பது. மூன்றாவது மீதி ஆண்டு விடுப்பைக் கழித்துக்கொள்வது. இந்த மூன்றாவதில் கவனம் தேவை. ஆறு நாள் விடுப்பு இருக்கிறது, அதனால் ஒரு வாரம் முன்னதாகச் சேர்ந்துவிடுகிறேன் என்பார்கள். விடுப்பில் இருக்கும் நாளிலும் அவர் பழைய கம்பெனியின் ஊழியர்தான். கடைசி நாளே முன்னால் வந்துவிட்டது என்று பழைய கம்பெனி எழுத்தில் தராமல், அந்த நாட்களில் உங்களிடம் வேலை தொடங்கக் கூடாது.

சம்பளம்: மாதக் கடைசியில் கையில் வருவதைக் கேளுங்கள்

ஆயர் ஈத்தாம்காரர் இப்போது 4,300 வாங்குவதாகச் சொல்கிறார், 4,500 கேட்கிறார். உச்சவரம்பு 4,300. "இவ்வளவு நெருக்கமாக இருக்கிறது, 4,300க்குப் பேசி முடித்துவிடலாம்" என்று தோன்றும். சம்பளச் சீட்டைப் பார்த்தால் வேறு கதை. அடிப்படை 3,700, வருகை அலவன்ஸ் 100, மிகைநேரம் சராசரி 500.

சீட்டு கையில் வருவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மாதம் எவ்வளவு இ.பி.எஃப். பிடிக்கிறார்கள் என்று கேளுங்கள். ஊழியர் பங்கு 11 விழுக்காடு, மிகைநேரப் பணத்துக்கு இ.பி.எஃப். கிடையாது. அவர் 418 ரிங்கிட் என்றால், அது 3,800க்கு உரிய பிடித்தம். மீதி 500 மிகைநேரம் என்று தெரிந்துவிடும்.

இப்போது கையில் வருவதைப் பார்ப்போம். சொக்சோ, வருமான வரிப் பிடித்தம் இரண்டையும் இங்கே விட்டுவிடுகிறேன். இன்று 4,300இல் 418 போக 3,882. நீங்கள் அடிப்படையே 4,300 கொடுத்தால், முழுத் தொகைக்கும் இ.பி.எஃப். பிடிபடும், 473 போக 3,827. அதாவது வேலை மாறிய பிறகு கைக்கு 55 ரிங்கிட் குறைவு, அதோடு தினமும் டோல். இ.பி.எஃப். சேமிப்பு கூடுகிறது, உண்மைதான். ஊழியர் பங்கும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்து மாதம் 120 ரிங்கிட் அதிகம் சேரும். மிகைநேரம் உட்காராமல் வீட்டுக்குப் போகலாம் என்பதும் ஒரு லாபம். ஆனால் குடும்பச் செலவு பார்ப்பவர் முதலில் பார்ப்பது கையில் வரும் தொகையை. அவர் கேட்ட 4,500 பேராசையே இல்லை, கணக்குப் பார்த்தால் நியாயமான குறைந்தபட்சம்.

மாதம் 4,000 ரிங்கிட் என்ற கோட்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டிய அலுவலக ஊழியருக்கு மிகைநேரச் சம்பளம் கொடுக்கச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. உடலுழைப்பு வேலைகளுக்கு விதி வேறு. ஆகவே 3,700இலிருந்து 4,300க்கு வருபவர் மிகைநேரத்தை இழக்கலாம். உங்கள் கம்பெனியின் வழக்கம் என்ன என்பதை ஆஃபருக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நிபோங் தெபால் தம்பியின் கணக்கு தலைகீழ். கோலாலம்பூரில் 4,800 வாங்குகிறார், அதே 4,800 வேண்டும் என்கிறார். உங்களால் முடியாது. 4,800இல் இ.பி.எஃப். 528 போக 4,272. அறை வாடகை 700, ஊருக்கு வந்து போக 150, ரேபிட் பாஸ் 50 போனால் மிஞ்சுவது 3,372. நிபோங் தெபாலில் அம்மா வீட்டில் இருந்துகொண்டு 4,300 வாங்கினால், இ.பி.எஃப். 473உம் பெட்ரோல் 120உம் போக 3,707. சம்பளம் 500 குறைந்தும் கையில் 335 கூடுகிறது. இந்தக் கணக்கை அவருக்குக் காட்டலாம், காட்டவும் வேண்டும். ஆனால் "வாடகை மிச்சம்தானே" என்று 4,300 தரக்கூடிய இடத்தில் 3,900 கொடுப்பது அநியாயம். சம்பளம் வேலைக்கு உரியது, அவர் எந்த வீட்டில் தூங்குகிறார் என்பதற்கு உரியது இல்லை. அடுத்த முறை வேலை மாறும்போது அவருடைய அடிப்படை 4,300இலிருந்துதான் பேசப்படும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சுங்கை பட்டாணிப் பெண் "பேசிக்கலாம்" என்றார். அந்தப் பதிலை அப்படியே எழுதி வைக்காதீர்கள், அது கூச்சம். "இதற்குக் கீழே என்றால் வர மாட்டேன் என்று நீங்கள் நினைக்கும் தொகை எது?" என்று மென்மையாகக் கேளுங்கள். அவர் 3,900 என்றார், இப்போது 3,500. வரம்புக்குள் இருக்கிறது. ஆனால் காருக்கான 340ஐயும் டோலையும் அவர் இன்னும் கழித்துப் பார்த்திருக்க மாட்டார். கூடுதலாக வரும் 400இல் இ.பி.எஃப். 44 போய் 356 மிஞ்சும், பெட்ரோலே அதை விழுங்கிவிடும். அதை நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் 4,200 கேட்கட்டும். மூன்றாம் மாதம் கண்கலங்கி விலகுவதைவிட அது இருவருக்கும் நல்லது.

மூன்றையும் சேர்த்து எடைபோடுவது

மூன்றுக்கும் ஒரே மதிப்பெண் கொடுத்துக் கூட்டிப் பார்க்கும் அட்டவணைகளை நான் நம்புவதில்லை. நோட்டீஸ் ஒரு தடவைத் தொல்லை, ஆள் வந்து சேர்ந்ததும் மறந்துபோகும். சம்பளத்தில் இடைவெளி சிறியதாக இருந்தால் பேச இடமுண்டு. தூரம் மட்டும் தினமும் காலையில் திரும்பி வரும், உங்களால் அதைக் குறைக்கவும் முடியாது. ஆகவே நிரந்தர வேலைக்கு இடத்தை அதிகமாகவும் நோட்டீஸைக் குறைவாகவும் எடைபோடுகிறேன். ஆறு மாத ஒப்பந்த வேலை என்றால் இது மாறும். அங்கே இரண்டு மாத நோட்டீஸ் மூன்றில் ஒரு பங்கு காலத்தைத் தின்றுவிடும், ஆறு மாதத் தூரத்தையோ பலர் தாங்கிக்கொள்வார்கள்.

நம் பதவிக்கு ஒப்படைப்பு முக்கியம், தேதி இளகாது. ஒரு மாத நோட்டீஸ் உள்ள நிபோங் தெபால் தம்பி செப்டம்பர் 25இல் வந்தால் பழையவரோடு நான்கு வேலை நாள் கிடைக்கும். வீடு பக்கம், கணக்கும் ஒத்துவருகிறது. அவரை முதலில் வைப்பேன். சுங்கை பட்டாணிப் பெண்ணும் அதே தேதிக்கு வர முடியும். காலைப் பயணத்துக்குப் பிறகும் அவர் உறுதியாக இருந்தால் 4,200க்கு இரண்டாவது. ஆயர் ஈத்தாம்காரரிடம் இந்தப் பதவி தேதியால் ஒத்துவரவில்லை என்று நேராகச் சொல்லி, போனஸ் முடிந்து ஜனவரியில் பேசலாமா என்று கேட்டுக் குறித்து வைப்பேன்.

தம்பியிடம் ஒரு ஆபத்து இருக்கிறது. ராஜினாமா கொடுத்ததும் கோலாலம்பூர் கம்பெனி சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்று பிடித்து வைக்கப் பார்க்கும். அதனால் ஆஃபருக்கு முன்பே "அவர்கள் 5,200 கொடுத்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். ஊருக்கு வருவதற்கான காரணத்தை யோசித்து வைத்திருப்பவர் தயங்காமல் பதில் சொல்வார். ராஜினாமா கொடுத்த நாளில், பழைய கம்பெனி அதைப் பெற்றுக்கொண்ட கடிதத்தின் நகலைக் கேளுங்கள். இரண்டு மூன்று நாளில் அது வரவில்லை, போன் எடுப்பதும் தாமதமாகிறது என்றால் உள்ளே பேச்சு நடக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். நோட்டீஸ் காலம் முழுக்க வாரம் ஒரு முறையாவது பேசுங்கள், மேனேஜரையும் ஒரு தடவை பேசச் சொல்லுங்கள். தம்பி வேலைக்கு வந்து உட்காரும் நாள் வரைக்கும், சுங்கை பட்டாணிப் பெண்ணிடம் "நீங்கள் இரண்டாவது இடத்தில் இருக்கிறீர்கள், செப்டம்பர் 25க்குள் உறுதியான பதில் சொல்கிறேன்" என்று உண்மை நிலையைச் சொல்லி வையுங்கள். அதற்குள் வேறு நல்ல வேலை வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிடுங்கள்.